இன்டர்வியூ எத்தனை ரவுண்டு, எப்போது முடியும் என்று ஹெச்ஆரிடம் எப்படிக் கேட்பது?

"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருஷமாக டெவலப்பர் வேலை. நேற்று (2-ம் தேதி திங்கள்) சென்னைக் கம்பெனி ஒன்றின் ரெக்ரூட்டர் கூப்பிட்டு, வியாழன் 11 மணிக்கு வீடியோவில் முதல் ரவுண்டு, சரியா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். இன்னும் எத்தனை ரவுண்டு, நேரில் போகணுமா, எப்போது முடிவு சொல்வார்கள், எதுவும் தெரியாது. எனக்கு மிச்சம் இருப்பது ஐந்து லீவு. அதில் 20, 21 தேதிகள் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குப் போய்விடும். இதையெல்லாம் கேட்டால் 'ரொம்பக் கேள்வி கேட்கிறான்' என்று ஒதுக்கிவிடுவார்களோ? கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது?"

தம்பி, இன்றைக்கே கேளுங்கள். வியாழன் வரை காத்திருக்க வேண்டாம்.

நான் ஒன்பது வருஷம் சென்னையில் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ரெக்ரூட்டர் பயப்படுவது கேள்வி கேட்கிற ஆளைப் பார்த்து அல்ல. எல்லாவற்றுக்கும் "ஓகே சார், ஓகே மேடம்" என்று சொல்லிவிட்டு, வியாழன் 10.50-க்கு போனை எடுக்காமல் போகிறானே, அவனைப் பார்த்துத்தான். ஒரு பேனல் ஆளின் ஒரு மணி நேரத்தைக் கெஞ்சி வாங்கி வைத்திருப்போம். கேண்டிடேட் வராவிட்டால் அந்த ஏச்சு எங்களுக்குத்தான் விழும். தேதி கேட்கிற ஆள் வரப்போகிற ஆள், அனுபவத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. "மொத்தம் எத்தனை ரவுண்டு, எப்போது முடியும்?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அதற்கு "மூணு ரவுண்டு இருக்கும், சீக்கிரம் முடிச்சிருவோம்" என்று பதில் வரும். ஒரு உதவியும் இல்லாத பதில். தப்பு கேள்வியில் இருக்கிறது. ரெக்ரூட்டருக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயமும், அவர் கையில் இல்லாத விஷயமும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

ஒரு வேலைக்கு ஆள் தேட ஆரம்பிக்கும்போது ஹயரிங் மேனேஜரும் ரெக்ரூட்டரும் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார்கள். எத்தனை கட்டம், ஒவ்வொன்றிலும் எதைப் பார்ப்பது, யார் பார்ப்பது, எவ்வளவு நேரம், வீடியோவா நேரிலா என்பதெல்லாம் அங்கேயே ஓரளவு முடிவாகிவிடும். கொஞ்சம் ஒழுங்கான கம்பெனி என்றால் அது சிஸ்டத்திலேயே ஏறியிருக்கும். உங்களோடு பேசும்போது அந்த ரெக்ரூட்டரின் திரையில் அது திறந்தே இருக்கலாம். ஆக, இந்த விவரம் ரகசியம் இல்லை. கேட்காததால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவர் கையில் இல்லாதவை வேறு. பேனல் ஆளுக்கு எந்த நாள் ஒழியும், மேனேஜர் ஃபீட்பேக்கை எப்போது எழுதுவார், சம்பளத்துக்கு மேலிடத்து ஒப்புதல் எப்போது வரும் என்பதெல்லாம் அவருக்கும் தெரியாது. அதைத் தேதியாகக் கேட்டால் பாவம், ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பார். அந்தத் தேதியை நம்பி நீங்கள் லீவு போடுவீர்கள். அது தள்ளிப் போகும். ஆகவே கட்டங்களைத் திட்டவட்டமாகக் கேளுங்கள். நாட்களைப் பற்றிக் கேட்கும்போது "வழக்கமா எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்கள். "இந்த வேலைக்கு ஏற்கனவே யாராவது கடைசி ரவுண்டு வரை போனாங்களா, அவங்களுக்கு எவ்வளவு நாள் எடுத்தது?" என்று கேட்டால் இன்னும் நல்லது. நடந்ததைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. நடக்கப்போவதைச் சொல்லத்தான் தயக்கம்.

அப்புறம் "ரவுண்டு" என்கிற வார்த்தையை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியில் எல் ஒன், எல் டூ என்பார்கள். அது இரண்டு தொழில்நுட்ப நேர்காணல் மட்டும்தான். அதற்கு முன்னால் வரும் கோடிங் டெஸ்ட், பின்னால் வரும் மேனேஜர் பேச்சு, ஹெச்ஆர் பேச்சு எதுவும் அந்தக் கணக்கில் சேராது. "ரெண்டே ரவுண்டுதான்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் எண்ணுகிற முறை அது. உங்களுக்கு ஐந்து தடவை நேரம் ஒதுக்க வேண்டி வரும். "மேனேஜரோட ஒரு கேஷுவல் டிஸ்கஷன்" என்பது இன்னொன்று. பேருக்குத்தான் அது பேச்சு. நீங்கள் எழுதிய கோடு ஏன் அப்படி, லோடு பத்து மடங்கு ஆனால் எது முதலில் உடையும் என்று ஒரு மணி நேரம் குடைந்துவிடுவார்கள். ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "ஆஃபர் வர்றதுக்கு முன்னாடி நான் யார் யாரைப் பார்க்கணும், ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம், வீடியோவா நேரிலா?" இதில் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

இதோடு ஒட்டி இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்ப்பார்கள். கேள்வித்தாள் கேட்கச் சொல்லவில்லை. கோடிங் என்றால் அவர்கள் கண் முன்னால் எழுத வேண்டுமா, வீட்டிலிருந்து செய்து அனுப்புவதா, எந்த மொழியிலும் எழுதலாமா, புதிர்க் கணக்கு மாதிரியா, இருக்கிற புரோகிராமைத் திருத்துவதா என்று கேட்கலாம். இதில் நானே ஒரு பையனைக் கெடுத்திருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன். "அடுத்தது டெக்னிக்கல்" என்று மட்டும் சொல்லி ஸ்லாட் போட்டுவிட்டேன். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக அல்காரிதம் போட்டுப் பழகியிருக்கிறான். உள்ளே போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன அப்ளிகேஷனைக் கொடுத்து, இதில் நான்கு பிழை இருக்கிறது, கண்டுபிடி என்றார்கள். அவன் தினமும் ஆபீஸில் செய்கிற வேலைதான். ஆனால் எதிர்பார்க்காத பதற்றத்தில் இரண்டைத் தாண்டவில்லை. அந்த ரவுண்டின் வடிவம் எனக்கு முன்கூட்டியே தெரியும். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குற்றம் என்னுடையதுதான் என்றாலும் வேலை போனது அவனுக்கு.

இரண்டாவது கேள்விதான் உங்கள் லீவைக் காப்பாற்றப்போவது. நேரில் வரவேண்டிய கட்டங்களை ஒரே நாளில் வைக்க முடியுமா? சென்னையில் இருப்பவனுக்கு இரண்டு தடவை போவது ஒரு பொருட்டில்லை. பாளையங்கோட்டையிலிருந்து போகிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு இரவும் ஒரு பகலும். வெளியூர் ஆள் என்று தெரிந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துவிடுவார்கள். அவர்களுக்கும் அது சௌகரியம்தான். ஆனால் நீங்கள் வெளியூரில் இருப்பது ரெஸ்யூமின் ஓரத்தில் கிடக்கிற ஒரு வரி. அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? போனில் கேட்டு, பிறகு மெயிலில் உறுதி செய்வது நல்லது. போனில் மனிதர்கள் தாராளமாகப் பேசுவார்கள். மெயிலில் எழுதியது நிற்கும். இன்று மதியம் மூன்று, நாலு மணி வாக்கில் கூப்பிடுங்கள். காலையில் அவர்களுக்கு மீட்டிங் நெரிசல். முதல் வாக்கியத்திலேயே வியாழனை உறுதி செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேதி மாற்றத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து அந்தப் பக்கம் குரல் இறுகிவிடும். இப்படிப் பேசலாம்:

"மேடம், வியாழன் 11 மணி உறுதி, வந்துருவேன். நான் திருநெல்வேலியில இருக்கேன், இங்க வேலையிலயும் இருக்கேன். அதனால அடுத்த கட்டங்களுக்கு லீவு முன்கூட்டியே சொல்லணும். இதுக்கு அப்புறம் யார் யாரைப் பார்க்கணும், எது எது நேர்ல, வழக்கமா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் எத்தனை நாள் இடைவெளின்னு சொன்னீங்கன்னா, நீங்க கேக்குற நாளுக்கு என்னால உறுதியா வர முடியும்."

கடைசி வாக்கியம் முக்கியம். கேட்கிற காரணம் அவருக்கும் லாபம் என்று அது சொல்லிவிடுகிறது. நிச்சயதார்த்தம், தங்கச்சி, லீவு ஐந்துதான் இருக்கிறது, மேனேஜர் முசுடு, இதெல்லாம் வேண்டாம். "19 சாயங்காலத்திலிருந்து 21 வரை எனக்கு முடியாது" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வீட்டு விசேஷம் என்றால் போதும். ஆனால் இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். 18-ம் தேதி "20 வரமுடியுமா" என்று அவர் கேட்ட பிறகு சொன்னால், உண்மையே சாக்குப்போக்கு மாதிரிக் கேட்கும்.

பேசி முடித்த அரை மணி நேரத்தில் மெயில். ஆங்கிலத்தில் போடுவீர்கள், போடுங்கள். உள்ளடக்கம் இந்த வரிசையில் இருக்கட்டும்:

"வணக்கம். 5-ம் தேதி வியாழன் காலை 11 மணி வீடியோ நேர்காணலை உறுதி செய்கிறேன். நாம் பேசியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: அடுத்து 90 நிமிட கோடிங் டெஸ்ட், பிறகு சென்னை அலுவலகத்தில் டீம் லீடும் மேனேஜரும் ஒரே நாளில், கடைசியாக ஹெச்ஆர் போனில் அரை மணி. முதல் நேர்காணலின் முடிவு மறுநாளே, மற்றவற்றின் முடிவு இரண்டு மூன்று வேலை நாட்களில் தெரியும். நேரில் வரும் நாளை மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்தால் பயணத்துக்கு வசதி. 19 மாலை முதல் 21 வரை இயலாது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தவும்."

"திருத்தவும்" என்கிற வார்த்தையில்தான் வேலை நடக்கும். விவரம் அனுப்புங்கள் என்று மெயில் போட்டால் அவர் உட்கார்ந்து எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிவைப்பார். நீங்களே எழுதிவைத்ததில் தப்பு இருந்தால் ஒரு வரியில் திருத்திவிடுவார். தப்பில்லை என்றால் "சரி" என்று ஒரு வார்த்தை வரும். அதுவும் போதும்.

அந்த மெயிலில் நான் போட்டிருக்கும் பதிலை அவர் சொன்னதாகவே வைத்துக்கொண்டு, உங்கள் லீவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கம்பெனி வாரம் ஆறு நாள், இரண்டாவது சனி விடுமுறை என்று எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்துச் சின்ன கம்பெனிகளில் பல அப்படித்தான்.

5-ம் தேதி 11 மணி. இதற்கு அரை நாள் லீவு போடத் தேவையில்லை. முதலில் 8.30-க்கு மாற்ற முடியுமா என்று அதே போன் பேச்சில் கேட்டுப் பாருங்கள். ஆபீஸுக்கு முன்னால் முடிந்துவிடும். பேனல் ஆட்கள் பலர் அந்த நேரத்துக்கு ஒத்துக்கொள்வார்கள், மீட்டிங் தொடங்குவதற்கு முன் முடிந்துவிடும் என்பதால். முடியாது என்றால் இரண்டு மணி நேரப் பெர்மிஷன் எடுத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். ஆபீஸ் மாடிப்படியில் நின்று, பைக்கில் உட்கார்ந்து என்று சாகசம் வேண்டாம். இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மத்தியானம் வரை கரண்ட் நிறுத்துகிற நாள் உங்கள் துணைமின் நிலையத்துக்கு எது என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிடுங்கள். கரண்ட் போனால் வைஃபை போகும். 11 மணி ஸ்லாட் சரியாக அதற்குள் விழும். இதைக் காரணமாகச் சொல்லி முதல் நாளே நேரம் மாற்றக் கேட்டால் எந்த ரெக்ரூட்டரும் தப்பாக நினைக்க மாட்டார். பாதியில் திரை கறுத்துப் போய்ச் சொன்னால்தான் சங்கடம்.

அடுத்தது டெஸ்ட். இந்த மாதிரி டெஸ்டுகளுக்கு லிங்க் அனுப்பி இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுப்பார்கள். அந்த அவகாசத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். ஆனால் ஆரம்பித்துவிட்டால் 90 நிமிடக் கடிகாரம் நிற்காது. ஆகவே கேட்க வேண்டியது, லிங்க் எப்போது வரும், எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது. வெள்ளி சாயங்காலம் அனுப்பச் சொல்லுங்கள். 8-ம் தேதி ஞாயிறு காலை, வீடு எழும்புவதற்கு முன் உட்காருங்கள். லீவு செலவு இல்லை. திங்கள் காலை லிங்க் வந்து புதன் முடிகிறது என்றால், ஆபீஸ் முடிந்து களைத்துப்போய் ராத்திரி பத்து மணிக்கு எழுத வேண்டி வரும். அதே டெஸ்டுதான், மார்க் வேறாக வரும்.

இனி நேரில் போகிற நாள். இங்கேதான் கணக்கு ரயிலோடு முடிச்சுப் போடுகிறது. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் சென்னை. கம்பெனி பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் என்றால் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம். அன்று ராத்திரியே திரும்பி ஏறினால் மறுநாள் காலை ஊர். ஆக, ஒரு நாள் லீவு, மறுநாள் காலை கொஞ்சம் தாமதமாகப் போக ஒரு பெர்மிஷன். வந்தே பாரத் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி மத்தியானம் சேர்க்கும். நேர்காணல் நாலு மணிக்கு என்றால் காகிதத்தில் சரியாக வரும். நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே ஓட வேண்டும்.

டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. ஒரு வாரத்துக்கு முன்னால் தேடினால் பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான் இருக்கும். அப்புறம் இருப்பது தத்கல். அது பயணத்துக்கு முந்தின நாள், ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணிக்குத் திறக்கும். ஆன்லைனில் போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். வியாழன் நேர்காணல் என்றால் புதன் ராத்திரி வண்டி. புதன் வண்டிக்குத் தத்கல் செவ்வாய் காலை 10 மணி. அதாவது திங்கள் சாயங்காலத்துக்குள் உங்களுக்கு நாள் உறுதியாகியிருக்க வேண்டும். மெயிலில் "மூன்று நாள் முன்னதாக" என்று எழுதச் சொன்னது இந்தக் கணக்கில் வந்தது. செவ்வாய் மத்தியானம் "வியாழன் வரமுடியுமா" என்று கூப்பிட்டால் ரயில் போய்விட்டது. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, தூங்காத கண்ணோடு போக வேண்டியதுதான். போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். ஆனால் இரண்டு மணி நேரம் டீம் லீடும் மேனேஜரும் மாறி மாறிக் குடையப்போகிற நாளில் அது தேவையா?

8-ம் தேதி டெஸ்ட் எழுதினால் முடிவு 11-ம் தேதி புதன் வாக்கில் வரும். 12 வியாழன் சாத்தியமில்லை, அதற்கான தத்கல் முந்தின நாளே திறந்து முடிந்திருக்கும். 14-ம் தேதி இரண்டாவது சனி. சில கம்பெனிகள் நேரடி நேர்காணலைச் சனிக்கிழமைகளில் மொத்தமாக வைப்பார்கள். "சனிக்கிழமை உண்டா" என்று இன்றே கேட்டுவைத்தால், உண்டு என்றால் உங்களுக்கு லீவே செலவாகாது. ஆனால் அதற்கு வெள்ளி ராத்திரி வண்டி வேண்டும். தத்கல் வியாழன் காலை 10 மணி. புதன் மாலைக்குள் டெஸ்ட் முடிவு வந்தால்தான் நடக்கும், கத்தி முனை. அது இல்லை என்றால் 18 புதன். 17 செவ்வாய் ராத்திரி ஏறுகிறீர்கள், 16 திங்கள் தத்கல் கையில் இருக்கிறது, 19 காலை ஊரில் இருப்பீர்கள். 19 வியாழனை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். 20 காலை விசேஷ வீட்டுக்குள் பெட்டியோடு நுழைந்தால் உங்கள் அம்மா சும்மா விடமாட்டார்கள்.

ஹெச்ஆர் பேச்சு அரை மணி, சாயங்காலம் ஆறரைக்கு மேல் வைக்கச் சொல்லலாம். ஆகக் கூட்டினால் லீவு ஒன்று, பெர்மிஷன் இரண்டு. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு போக இன்னும் இரண்டு லீவு கையில் இருக்கும். கேட்காமல் விட்டிருந்தால்? முதல் ரவுண்டுக்கு அரை நாள், டெஸ்டுக்குப் பயந்து அரை நாள், டீம் லீடுக்கு ஒருமுறை, மேனேஜருக்கு ஒருமுறை என்று சென்னை இரண்டு தடவை. மூன்று லீவும் காலி. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டும் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதற்கு மேல் ஒரு ரவுண்டு கூடினால் சம்பளம் பிடித்த லீவுதான்.

படிப்பதும் இதே காலண்டரில் உட்காரும். வியாழனுக்கு முன் இரண்டு ராத்திரிதான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் படிக்காதீர்கள். உங்கள் சொந்த புராஜெக்ட் ஒன்றை, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பத்து நிமிஷம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வெள்ளி, சனி டெஸ்டுக்கு. எந்த மொழி என்று தெரிந்திருக்கும், அதில் நேரம் வைத்து இரண்டு கணக்கு. 8-க்கும் 18-க்கும் இடையில் கிடைக்கிற பத்து நாள்தான் உண்மையான தயாரிப்புக் காலம். டிசைன் கேள்விகள், டீம் லீடு தோண்டுகிற விஷயங்கள் எல்லாம் அங்கே. கட்டங்கள் தெரியாதவன் இந்தப் பத்து நாளில் செய்ய வேண்டியதை முதல் இரண்டு ராத்திரியில் செய்யப் பார்த்து எதையும் முடிக்காமல் போவான்.

எதிர்ப்பக்கம் வழவழ என்று பேசினால் என்ன செய்வது? "எல்லாம் பிராசஸ்படி வரும், நீங்க முதல் ரவுண்டு முடிங்க" என்பார்கள் சிலர். பெரும்பாலும் அது கன்சல்டன்சி ஆள். அவருக்கு உண்மையிலேயே தெரியாது, கம்பெனி அவரிடம் சொல்லியிருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: "நீங்க கம்பெனி ஹெச்ஆரா, கன்சல்டன்சியா?" என்று நேராகக் கேளுங்கள், மெயில் முகவரியும் சொல்லிவிடும். கன்சல்டன்சி என்றால் "கம்பெனியில் கேட்டு வியாழனுக்குள் சொல்ல முடியுமா" என்று விடுங்கள். அவர் மறந்தாலும் பரவாயில்லை. வியாழன் நேர்காணலின் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்று பேனல் ஆள் கேட்பார். அவரிடம் "அடுத்த கட்டம் யாரோடு, நேரிலா?" என்று ஒன்றே ஒன்று கேட்டால் சொல்லிவிடுவார். லீவு, ரயில் கதையெல்லாம் அவரிடம் வேண்டாம், அது அவர் வேலை இல்லை.

கம்பெனி ஹெச்ஆரே சொல்லத் தெரியாமல் தடுமாறினால் அது வேறு சேதி. அந்த வேலைக்கு என்ன மாதிரி ஆள் வேண்டும் என்று உள்ளேயே முடிவாகவில்லை என்று அர்த்தம். அந்த மாதிரி இடங்களில் ரவுண்டு வளரும். மூன்று என்று சொன்னது, "டைரக்டர் ஒருமுறை பார்க்கணும்னு சொல்றாரு" என்று நாலாகும், ஐந்தாகும். ஒருமுறை கூடினால் ஒத்துக்கொள்ளுங்கள், நடக்கிறதுதான். ஆனால் அப்போது "இதுதான் கடைசியா, இதுக்கப்புறம் ஆஃபர் பேச்சா?" என்று கேட்டு, நேரில் என்றால் வீடியோவுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒருமுறை வந்துபோன ஆளுக்குப் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். இரண்டாவது முறையும் கூடினால் என் லீவாக இருந்தால் நான் போடமாட்டேன்.

சொன்ன நாளில் பதில் வராவிட்டால், அந்த நாளுக்குப் பிறகு ஒரு முழு வேலை நாள் விட்டு ஒரு மெயில் போதும். "எப்போது சொல்வீர்கள்" என்று கேட்காமல், "18 புதன் நேரில் வருவதானால் 16 காலை 10 மணிக்கு முன் எனக்குத் தெரிய வேண்டும், டிக்கெட் அப்போது திறக்கிறது, தவறினால் 23-க்குப் பிறகு வருகிறேன்" என்று எழுதுங்கள். ரெக்ரூட்டருக்கும் அது பிடிக்கும். மேனேஜரிடம் போய், கேண்டிடேட் டிக்கெட் போட வேண்டுமாம், இன்றைக்கே ஃபீட்பேக் வேண்டும் என்று நிற்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். நானே அப்படிப் போய் நின்று பல ஃபீட்பேக் வாங்கியிருக்கிறேன்.

ஹெச்ஆர் பேச்சுக்குப் பிந்திய காலத்தை மட்டும் இந்தக் காலண்டரில் சேர்க்காதீர்கள். சம்பள ஒப்புதல், பழைய சம்பளச் சீட்டுகள், சான்றிதழ்கள் என்று ஒரு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். அதற்கு உங்கள் லீவு தேவைப்படாது, மெயிலிலேயே நடக்கும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் இங்கே பேப்பர் போட வேண்டும், நோட்டீஸ் பீரியட் அன்றிலிருந்துதான் ஓடும். எப்போது சேர முடியும் என்று அந்த மேடம் இப்போதே கேட்பார்கள். "ஆஃபர் வந்த நாளிலிருந்து இத்தனை நாள்" என்று சொல்லுங்கள், தேதி சொல்லாதீர்கள்.

மணி இரண்டு ஆகிறது என்றால் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று அப்புறம் இங்கேயே எழுதுங்கள், 14-ம் தேதி கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.